லேட் ஃபீயைத் தள்ளுபடி செய்யச் சொல்லி யாரிடம் கேட்பது?

போன ஆண்டு ஜூலை 9ஆம் தேதி காலையில் எங்கள் ஊர் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் மூன்று பக்கக் கடிதம் ஒன்று இருந்தது. வணிக வரித்துறை உதவி ஆணையருக்குத் தன் கைப்பட எழுதியிருந்தார். கணக்கு எழுதிக்கொண்டிருந்த பையன் வேலையை விட்டுப் போனது, மனைவிக்கு அறுவை சிகிச்சை, இருபத்திரண்டு வருடமாக ஒழுங்காக வரி கட்டி வருவது எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரியில், ‘ஆகவே கருணை கூர்ந்து தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து தர வேண்டுகிறேன்’ என்று முடித்திருந்தார். அதோடு வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியின் அச்சுப்பிரதியும் இருந்தது. மே 19ஆம் தேதி 18,000 ரூபாய் ஜிஎஸ்டிக்குப் போயிருக்கிறது.

“கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடியே காசு கட்டிட்டேன் தம்பி. அப்புறம் எதுக்கு லேட் ஃபீ?” என்றார்.

அந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் பலன் இருக்காது. அதைப் பெறுகிற அதிகாரி கல்நெஞ்சக்காரர் என்பதால் அல்ல. தள்ளுபடி செய்யும் அதிகாரத்தைச் சட்டம் அவர் கையில் கொடுக்கவே இல்லை. சிறு வியாபாரிகள் பலருக்கு இது தெரியாது. தெரியாமல், கிடைக்காத இடத்தில் கேட்டு நாளைக் கழிக்கிறார்கள். கிடைக்கக்கூடிய இடம் எது என்பது கண்ணில் படாமலே போகிறது.

மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 47ஆவது பிரிவு தாமதக் கட்டணத்தை விதிக்கிறது. அதைத் தள்ளுபடி செய்வதைப் பற்றிப் பேசுவது 128ஆவது பிரிவு. அந்தப் பிரிவின்படி ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும், அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். அந்த அறிவிக்கையும் ஒரு தனி ஆளுக்காக வராது. ஒரு வகையைச் சேர்ந்த வரி செலுத்துவோர் எல்லோருக்குமாகத்தான் வரும். ‘இன்ன கடைக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாய் குறைக்கப்படுகிறது’ என்று எழுத அந்தப் பிரிவில் இடம் கிடையாது. பழைய வாட் காலத்தில் அதிகாரியைப் பார்த்து நிலைமையைச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புரியக் கொஞ்ச நாளாகும். இப்போது கட்டணத்தைக் கணக்கிடுவது கணினி. அடுத்த மாத ரிட்டர்னில் 5.1 என்ற அட்டவணையில் தொகை தானாக வந்து உட்கார்ந்துவிடும். அதை நாமும் திருத்த முடியாது, அதிகாரியும் திருத்த முடியாது. மேல்முறையீடு செய்யலாமே என்றால், மேல்முறையீடு ஓர் அதிகாரி பிறப்பித்த ஆணையை எதிர்த்துச் செய்வது. இங்கே ஆணை என்று ஒன்றே இல்லை.

அண்ணாச்சியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அவருடைய ஆண்டு விற்றுமுதல் ஏறக்குறைய 80 லட்சம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர். 2025 ஏப்ரல் மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை மே 20க்குள் தாக்கல் செய்ய வேண்டும். மே 19ஆம் தேதி மகன் செல்பேசியிலிருந்து சலான் போட்டுப் பணம் கட்டிவிட்டான். வேலை முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். சலான் கட்டினால் பணம் போய்ச் சேரும் இடம் மின்னணு ரொக்கப் பேரேடு. அது அரசிடம் நாம் வைத்திருக்கும் ஒரு உண்டியல் மாதிரி. பணம் அங்கே நம் பெயரில்தான் இருக்கும். 3பி படிவத்தை நிரப்பி, வரியை அந்தப் பேரேட்டிலிருந்து கழித்து, செல்பேசிக்கு வரும் ஓடிபி போட்டுச் சமர்ப்பித்த பிறகுதான் ரிட்டர்ன் தாக்கலானதாக அர்த்தம். அப்போது ஏஆர்என் என்ற ஒப்புகை எண் வரும். அந்த எண் கையில் இல்லையென்றால் ரிட்டர்ன் போகவில்லை. அண்ணாச்சியிடம் வங்கிக் குறுஞ்செய்தி இருந்தது, ஏஆர்என் இல்லை.

ஜூன் மாதம் முழுக்க அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஏப்ரல் மாத 3பி போகாததால் மே மாத விற்பனை விவரத்தைச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தைப் போட இணையதளம் அனுமதிக்கவில்லை. மகன் இரண்டு முறை முயன்றுவிட்டு ‘சைட்டு வேலை செய்யல’ என்று விட்டுவிட்டான். கடைசியில் விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் அவரிடம் பைப்பும் பிட்டிங்கும் வாங்கும் ஒரு கான்ட்ராக்டர். “அண்ணாச்சி, உங்க பில்லு எதுவும் எனக்கு 2பி-ல வரலையே, இன்புட்டு எடுக்க முடியல” என்று அவர் கூப்பிட்ட பிறகுதான் மஞ்சள் பை என்னிடம் வந்தது.

இனி கணக்கு. 2021 ஜூன் மாத ரிட்டர்னிலிருந்து இப்போது வரை நடப்பில் இருக்கும் ஏற்பாடு இது. வரி உள்ள 3பி படிவத்துக்கு நாள் ஒன்றுக்கு 50 ரூபாய், அதாவது மத்திய ஜிஎஸ்டி 25, மாநில ஜிஎஸ்டி 25. வரியே இல்லாத ‘நில்’ படிவத்துக்கு நாளுக்கு 20 ரூபாய். இது ஏறிக்கொண்டே போகாமல் ஒரு உச்சவரம்பும் உண்டு. நில் படிவத்துக்கு 500 ரூபாய். முந்தைய நிதியாண்டில் விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்களுக்கு ஒரு படிவத்துக்கு 2,000. ஐந்து கோடி வரை 5,000. அதற்கும் மேலே போனால் 10,000.

ஏப்ரல் படிவத்தை ஜூலை 9ஆம் தேதி போட்டோம். மே 21 முதல் எண்ணினால் 50 நாள். 50 ரூபாய் வீதம் 2,500 வரும்; உச்சவரம்பு இருப்பதால் 2,000. மே மாதப் படிவத்தின் கெடு ஜூன் 20. அதற்கு 19 நாள், 950 ரூபாய். மொத்தம் 2,950. ஜிஎஸ்டிஆர்-1 தாமதத்துக்கும் சட்டத்தில் இதே மாதிரி கட்டணம் உண்டு. இங்கே 3பி-யோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மே 19ஆம் தேதி கட்டிய பணம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாமதமான வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனியாக உண்டு. 2024 ஜூலையில் விதி 88பி-யில் ஒரு திருத்தம் வந்தது. கெடு நாளிலோ அதற்கு முன்போ ரொக்கப் பேரேட்டில் பணம் கிடந்து, ரிட்டர்ன் போடும் நாள் வரை தொடாமல் இருந்தால், அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. ஆகவே ஏப்ரல் மாத 18,000 ரூபாய்க்கு அண்ணாச்சி வட்டி கட்டவில்லை. மே மாதம் ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரியும் 18,000 தான். அதற்கு 19 நாள் வட்டி 169 ரூபாய் வந்தது. அவர் கடிதத்தில் எழுதிய ‘முன்னாடியே கட்டிவிட்டேன்’ என்ற வாதம் வட்டியில் ஜெயித்தது, கட்டணத்தில் தோற்றது. பணம் தாமதமானதற்குக் கொடுக்கும் விலை வட்டி. லேட் ஃபீ, படிவம் தாமதமானதற்கு. இரண்டும் வேறு வேறு.

கட்டணம் சரியாகத்தான் வந்திருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் கட்டக் கூடாது. தள்ளுபடி கேட்டு வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது திருத்தம். முதலில் பார்க்க வேண்டியது கெடு நாள். மாதாந்திரத் தாக்கலுக்கு 20ஆம் தேதி. ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் இருந்தால், தமிழ்நாட்டில் அவர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22ஆம் தேதி. அந்த மாதத்துக்குக் கெடு ஏதும் நீட்டிக்கப்பட்டதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். அடுத்தது விற்றுமுதல் வரம்பு. அரிசிக் கடைக்காரர்கள் இதில் இடறுவார்கள். வரி உள்ள விற்பனையை மட்டும் மனதில் வைத்து ‘எனக்கு ஒன்றரைக் கோடி வராதே’ என்பார்கள். வரிவிலக்குள்ள பொருளின் விற்பனையும், அதே பான் எண்ணில் வேறு மாநிலத்தில் கடை இருந்தால் அதன் விற்பனையும் சேர்ந்ததுதான் இந்த விற்றுமுதல்.

நில் படிவம் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. “இந்த மாசம் நான் கையிலேருந்து காசே கட்டல, எல்லாம் இன்புட்டுலயே கழிஞ்சிருச்சு, அப்ப நில்லுதானே?” என்று கேட்பார்கள். அது நில் ஆகாது. விற்பனைக்கு வரி வந்திருக்கிறது. அதை உள்ளீட்டு வரி வரவைக் கொண்டு செலுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாளுக்கு 50 ரூபாய் கணக்குத்தான் பொருந்தும். உண்மையிலேயே விற்பனையும் வரியும் இல்லாத மாதமாக இருந்தால், பதிவு செய்த செல்பேசியிலிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தியில் படிவத்தைப் போட்டுவிடலாம். 14409 என்ற எண்ணுக்கு இப்படி அனுப்ப வேண்டும். நடுவில் உங்கள் ஜிஎஸ்டி எண், கடைசியில் மாதமும் ஆண்டும்:

```
NIL 3B GSTIN 052025
```

பதிலுக்கு ஒரு குறியீட்டு எண் வரும். `CNF 3B` என்று அடித்து, அந்த எண்ணையும் சேர்த்து அதே எண்ணுக்குத் திருப்பி அனுப்பினால்தான் தாக்கல் முடியும். முதல் செய்தியோடு நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து 500 ரூபாய்க் கட்டணத்தோடு வந்த தையல்காரர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இணையதளம் வேலை செய்யாததால் தாமதம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது குறுகலான வழி. 2018 ஏப்ரல் 3ஆம் தேதி மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பொது இணையதளத்தின் கோளாறால் பெரும் பகுதி வரி செலுத்துவோர் பாதிக்கப்பட்டால் அதைக் கவனித்துத் தீர்வு காண ஓர் ஏற்பாடு அதில் சொல்லப்பட்டது. கரண்டு இல்லை, கடையில் இன்டர்நெட் வரவில்லை போன்ற தனி ஆளின் பிரச்சினைக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே குறை பதிவு செய்யும்போது, கோளாறு நம் வீட்டில் இல்லை, தளத்தில்தான் இருந்தது என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு.

அதைக் காட்டும் வேலை கெடு நாள் அன்றே நடக்க வேண்டும். மறுநாள் செய்ய முடியாது. `selfservice.gstsystem.in` என்ற தளத்தில் குறையைப் பதிவு செய்தால் ஒரு டிக்கெட் எண் கிடைக்கும். திரையில் வந்த பிழைச் செய்தி முழுதாகத் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். கணினியின் ஓரத்தில் இருக்கும் தேதியும் நேரமும் படத்தில் விழ வேண்டும். இரண்டு மூன்று முறை, இடைவெளி விட்டு முயன்றதாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. எந்தப் படிவம், எந்த மாதம், எந்தக் கட்டத்தில் நின்றது (ஓடிபி வரவில்லையா, பணம் போய்ப் பேரேட்டில் ஏறவில்லையா) என்பதை நான்கே வரியில் எழுத வேண்டும். மனைவியின் அறுவை சிகிச்சையை அங்கே எழுதத் தேவையில்லை. படிக்கிறவர் தேடுவது கோளாறின் அடையாளத்தை மட்டும்தான். பணம் வங்கியிலிருந்து போய்ப் பேரேட்டில் ஏறாமல் நின்றிருந்தால் வங்கியின் பரிவர்த்தனை எண்ணையும் சலான் எண்ணையும் சேர்க்க வேண்டும்.

அண்ணாச்சியின் மகன் ‘சைட்டு வேலை செய்யல’ என்று சொன்னான் அல்லவா? அவன் செல்பேசியில் ஒரு படம் இருந்தது. பார்த்தால் அது கோளாறே இல்லை. முந்தைய மாத 3பி தாக்கலாகவில்லை என்று தளம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அவன் அதைப் படிக்காமல் மூடிவிட்டான். அந்த ஒரு வரியை ஜூன் முதல் வாரத்தில் படித்திருந்தால் ஏப்ரல் படிவத்துக்கு 2,000 ரூபாய் ஆகியிருக்காது, ஆயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

ஊரே பாதிக்கப்பட்டால் கதை வேறு. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு 2023 டிசம்பர் மறக்காது. 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரை ஊர்களில் கடைகளுக்குள் தண்ணீர் நின்றது. நவம்பர் மாத 3பி-க்குக் கெடு டிசம்பர் 20. கணக்குப் புத்தகத்தை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே ரிட்டர்ன் போடுவது? 2024 ஜனவரி 5ஆம் தேதி ஓர் அறிவிக்கை வந்தது. திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, தூத்துக்குடி, விருதுநகர் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு அந்தக் கெடு ஜனவரி 10 வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன்பே மிக்ஜாம் புயலுக்காகச் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு டிசம்பர் 27 வரை நீட்டித்திருந்தார்கள்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. அறிவிக்கை கெடு முடிந்து பதினாறு நாள் கழித்து வந்தது. ஆகவே பேரிடர் சமயத்தில், கெடு தாண்டிவிட்டதே என்று கைவிட்டுவிடாமல், செய்தியைக் கவனித்துக்கொண்டு சீக்கிரம் போட்டுவிடுவது நல்லது. அடுத்தது, நீட்டிப்பு கிடைத்தது பதிவுச் சான்றிதழில் தலைமை வணிக இடம் அந்த மாவட்டங்களில் இருந்தவர்களுக்கு. மதுரையில் கடையைப் பதிந்து தூத்துக்குடியில் குடோன் வைத்திருந்தவரின் சரக்கு முழுக்க நனைந்திருந்தாலும் அவருக்கு அது பொருந்தாது. வகை பார்த்துக் கொடுக்கும் சலுகை என்றால் கோடு எங்காவது விழத்தான் செய்யும். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவரின் நஷ்டம் கொஞ்சமும் குறைந்ததல்ல என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

இனி, ஆம்னெஸ்டி. வியாபாரிகள் மத்தியில் எப்போதும் ஒரு பேச்சு உலவும். “இப்ப கட்டாதீங்க, எப்படியும் ஒரு ஸ்கீம் வரும்.” இது வெறும் வதந்தியும் இல்லை, அதற்கு வரலாறு இருக்கிறது. ஜிஎஸ்டி வந்த புதிதில் 2017 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாத 3பி-க்குக் கட்டணமே தள்ளுபடியானது. கட்டியவர்களுக்கும் பேரேட்டில் திரும்ப வரவு வைத்தார்கள். 2018 டிசம்பர் 22ஆம் தேதி கூடிய கவுன்சிலின் முடிவுப்படி, அது முதல் 2019 மார்ச் 31க்குள் பழைய ரிட்டர்ன்களைப் போட்டவர்களுக்கு 2018 செப்டம்பர் வரையிலான மாதங்களுக்குக் கட்டணம் இல்லை. கொரோனா காலத்தில் மறுபடி வந்தது. 2021 மே 28ஆம் தேதி 43ஆவது கூட்டத்தில் பரிந்துரைத்த திட்டம்தான் எல்லாவற்றிலும் பெரிது: 2017 ஜூலை முதல் 2021 ஏப்ரல் வரை விட்டுப்போன 3பி படிவம் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 1,000 ரூபாய், நில் என்றால் 500. முதலில் ஆகஸ்ட் 31 வரை, பிறகு நவம்பர் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

அப்போது அது பெரிய உதவி. அன்றைய வரம்பு ஒரு படிவத்துக்கு 10,000 ரூபாய். முப்பது மாதம் விட்டவர் மூன்று லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் முப்பதாயிரத்தோடு வெளியே வந்தார். ஆனால் சலுகைக் காலத்துக்கு முன்பே முழுக் கட்டணத்தையும் கட்டி ரிட்டர்ன் போட்டிருந்தவர்களுக்கு அந்தத் திட்டத்தில் ஒரு ரூபாயும் திரும்ப வரவில்லை. கடன் வாங்கிக் கட்டியவர்களின் வயிற்றெரிச்சலை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அது நியாயமான வயிற்றெரிச்சல். முன்வந்து கட்டியவரைவிடப் பின்தங்கியவர் லாபம் பார்ப்பது முறையல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காத்திருந்தால் லாபம் என்ற பாடத்தை வியாபாரிகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

அந்தப் பாடம் இன்றைக்குப் பொருந்தாது. 2021க்குப் பிறகு ஒன்றரைக் கோடிக்குள் விற்கிறவருக்கு நிரந்தர உச்சவரம்பே 2,000 ரூபாய் ஆகிவிட்டது. நாளை அதே 2021 மாதிரி ஒரு திட்டம் வந்தால்கூட மிச்சமாவது படிவத்துக்கு ஆயிரம் ரூபாய். அதற்காகக் காத்திருப்பதில் போவது எவ்வளவு என்று பாருங்கள். 18,000 ரூபாய் வரிக்கு ஒரு வருட வட்டி மட்டும் 3,240. வட்டியைத் தள்ளுபடி செய்வது இந்த லேட் ஃபீ அறிவிக்கைகளின் வேலை இல்லை. அந்த ஆண்டின் உள்ளீட்டு வரி வரவை எடுக்க அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரைதான் நேரம். அதற்குப் பிறகு போட்டால் வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரி கையை விட்டுப் போகும். மாதாந்திரத் தாக்கல் செய்பவர் தொடர்ந்து ஆறு மாதம் போடாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். கெடுவிலிருந்து மூன்று ஆண்டு தாண்டிய ரிட்டர்னை இப்போது தாக்கலே செய்ய முடியாது. 2023 அக்டோபரில் அமலுக்கு வந்த அந்தத் தடையை 2025இல் இணையதளத்திலும் நடைமுறைப்படுத்திவிட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்கு ரிட் மனு போடுவது கட்டுப்படியாகாது என்பது ஒருபுறம். பதிவு ரத்தான சிறு வியாபாரிகள் பலருக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2022 ஜனவரியில் சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில் பெரிய நிவாரணம் கொடுத்தது. பதிவை மீட்டுக்கொள்ள வழி செய்தது. ஆனால் விட்டுப்போன ரிட்டர்ன்களை வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு போட வேண்டும் என்பதையே நிபந்தனையாக வைத்தது. 2024இல் வந்த 128ஏ திட்டத்தையும் பலர் குழப்பிக்கொண்டார்கள். அது பழைய ஆண்டுகளின் வரிக் கேட்பாணைகளுக்கான வட்டியையும் அபராதத்தையும் பற்றியது. லேட் ஃபீ அதில் சேராது என்று சுற்றறிக்கையிலேயே விளக்கிவிட்டார்கள்.

அப்படியானால் கோரிக்கைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 128ஆவது பிரிவு எந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறதோ அந்த வாசலில் கேட்க வேண்டும். கவுன்சிலில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் குரல் உண்டு. ஊர் வியாபாரிகள் சங்கமும் வரி ஆலோசகர்கள் சங்கமும் மாநில வணிகவரித் துறை வழியாகவும், நேரடியாகக் கவுன்சில் செயலகத்துக்கும் மனு அனுப்பலாம். 2021இல் கட்டணம் குறைந்து நிரந்தர வரம்பு வந்ததற்கு முன்னால் நாடு முழுவதிலிருந்தும் இப்படிக் கோரிக்கைகள் போய்க்கொண்டிருந்தன.

அந்த மனு எப்படி இருக்க வேண்டும் என்பது முக்கியம். தனி மனிதரின் துயரத்தை அடுக்கினால் அது 128ஆவது பிரிவுக்குள் அடங்காது. ஒரு வகையைக் காட்ட வேண்டும்; அந்த வகைக்குத் தணிக்கும் காரணம் என்ன என்று காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, அண்ணாச்சியைப் போல, கெடு நாளுக்குள் முழு வரியையும் ரொக்கப் பேரேட்டில் போட்டுவிட்டுப் படிவத்தைச் சமர்ப்பிக்க மறந்தவர்கள். இது ஒரு தெளிவான வகை. ரொக்கப் பேரேட்டையும் தாக்கல் தேதியையும் ஒப்பிட்டால் கணினியே பிரித்துக் காட்டிவிடும். அரசுக்கு ஒரு நாள்கூடப் பணம் தாமதமாகவில்லை. வட்டி விஷயத்தில் விதி 88பி இந்த வகையை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே நியாயத்தைக் கட்டணத்துக்கும் நீட்டி, இவர்களுக்கு நில் படிவத்தின் 500 ரூபாய் வரம்பைக் கொடுங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. எந்தக் காலத்துக்கு வேண்டும், ஏற்கெனவே கட்டியவர்களுக்கும் வரவு வைக்க வேண்டுமா என்பதையும் மனுவிலேயே எழுத வேண்டும். 2021இல் ஏற்பட்ட வயிற்றெரிச்சல் மறுபடி வராமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

இதை விளக்கியபோது அண்ணாச்சி அந்த மூன்று பக்கக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். முதலில் ஏப்ரல் படிவத்தைப் போட்டோம். பேரேட்டில் கிடந்த 18,000 கழிந்து ஏஆர்என் வந்தது. பிறகு மே மாத ஜிஎஸ்டிஆர்-1. அதன் பின் மே மாத 3பி-யைத் திறந்தபோது 5.1இல் 2,000 ரூபாய் வந்து நின்றது, மத்திய ஜிஎஸ்டி 1,000, மாநில ஜிஎஸ்டி 1,000 என்று. இதை இன்புட்டில் கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். சலானில் ‘கட்டணம்’ என்ற தலைப்பில் போட வேண்டும். பையன் அவசரத்தில் ‘வரி’ என்ற கட்டத்தில் போட்டுவிட்டான். அது பெரிய சிக்கல் இல்லை. பிஎம்டி-09 படிவத்தில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றினோம். மீதி 950 ரூபாய் ஜூன் மாத ரிட்டர்னில் வரும் என்று சொல்லி வைத்தேன்.

மாலையில் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, அடுத்த 2பி-யில் பில்கள் வந்துவிடும் என்று அண்ணாச்சியே சொன்னார். பிறகு வியாபாரிகள் சங்கத்தின் பெயரில் நான் எழுதிவைத்திருந்த ஒன்றரைப் பக்க மனுவை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். “இதுல என் பேரே இல்லையே” என்றார். பெயர் வேண்டாம் அண்ணாச்சி, உங்களை மாதிரி இருக்கிற எல்லோருக்குமாகக் கேட்கிறோம் என்றேன். ஏழாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்துப் பாத்திரக் கடையிலும் வாங்கித் தருகிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு போனார்.